தளத்துக்கும் சுவருக்கும் க்யூரிங் தண்ணீர் எவ்வளவு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆயிரம் சதுர அடி கூரைத் தளத்துக்கு 14 நாள் க்யூரிங் செய்ய 66,000 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்று ஒப்பந்தக்காரர் எழுதிக் கொடுத்திருக்கிறார். உண்மையிலேயே அவ்வளவு ஆகுமா?

ஆகாது. திருச்சி, கரூர் போன்ற உள்மாவட்டத்தில், மே மாத வெயிலில் போட்ட தளமாக இருந்தாலும் 13,000 முதல் 14,500 லிட்டருக்குள் முடிந்துவிடும்.

அந்த 66,000 எப்படி வந்தது என்று கண்டுபிடிப்பது எளிது. ஒரு சதுரத்தில், அதாவது 100 சதுர அடியில், ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் 236 லிட்டர். இரண்டு அங்குலம் என்றால் 472. பத்துச் சதுரத்துக்கு 4,720. அதை 14 நாளால் பெருக்கினால் 66,080. பெருக்கல் சரிதான். ஆனால் இப்படிப் பெருக்குவதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு: தளத்தின் மேல் சாந்து வரப்புக் கட்டி அமைத்த பாத்தியில் நிற்கும் தண்ணீரைத் தினமும் முழுக்க இறைத்துக் கொட்டிவிட்டு, மறுநாள் காலையில் புதிதாக நிரப்புகிறீர்கள். எந்த வீட்டிலும் யாரும் அப்படிச் செய்வதில்லை. பாத்தியை ஒருமுறை நிரப்புகிறோம். பிறகு குறைந்ததை மட்டும் ஊற்றுகிறோம். ஆகவே எத்தனை அங்குலம் நிற்கிறது என்பதைவிட, ஒரு நாளில் எத்தனை மில்லிமீட்டர் குறைகிறது என்பதுதான் கணக்குக்கு வேண்டியது.

கான்கிரீட் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும், அதனால்தான் நிறைய ஊற்ற வேண்டும் என்கிறார் மேஸ்திரி. தளம் ஐந்து அங்குலத்துக்குப் பதில் ஆறு அங்குலம் என்றால் தண்ணீரும் கூடுமா?

கூடாது. ஒரு மூட்டை சிமென்ட் 50 கிலோ. வீட்டுத் தளத்துக்கான கலவையில் மூட்டைக்கு ஏறக்குறைய 25 லிட்டர் தண்ணீர் சேர்க்கிறோம். வேலை நடக்கும் பல இடங்களில் அதற்கு மேலும் ஊற்றிவிடுகிறார்கள் என்பது வேறு வருத்தம். சிமென்ட் முழுவதும் வினைபுரிந்து கெட்டிப்பட, எடையில் சுமார் 0.42 பங்கு, அதாவது மூட்டைக்கு 21 லிட்டர் போதும். ஆக, தேவையான தண்ணீர் கலக்கும்போதே உள்ளே போய்விட்டது. அது வெயிலிலும் காற்றிலும் ஆவியாகி வெளியேறாமல் காப்பதுதான் மேலே நிற்கும் தண்ணீரின் வேலை. மூட்டைக்கு 21 லிட்டருக்கும் குறைவாக ஊற்றிச் செய்யும் உயர்வலிமைக் கான்கிரீட்டில் வெளியிலிருந்து கொஞ்சம் தண்ணீர் உள்ளே போக வேண்டியிருக்கும். வீட்டுக் கூரையில் அந்தப் பேச்சு வருவதில்லை.

இது புரிந்துவிட்டால், கன அடிக்கு இத்தனை லிட்டர், மூட்டைக்கு இத்தனை லிட்டர் என்று க்யூரிங் தண்ணீருக்குப் போடும் கணக்குகளை ஒதுக்கிவிடலாம். நாம் ஊற்றுவதில் பெரும்பகுதியைக் குடிப்பது சூரியன். அதற்குத் தளத்தின் பரப்பு மட்டுமே தெரியும், கனம் தெரியாது.

அப்படியானால் கணக்கை எப்படிப் போடுவது?

ஒரு சதுரத்தில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்பது 9.3 லிட்டர். இந்த ஓர் எண்ணை நினைவில் வைத்தால் போதும்.

தளத்துத் தண்ணீர் = சதுரம் × 9.3 × ஒரு நாளில் குறையும் மில்லிமீட்டர் × நாட்கள்

கோடையில் உள்மாவட்டங்களில் திறந்த நீர்ப்பரப்பு ஒரு நாளில் 7, 8 மில்லிமீட்டர் வரை ஆவியாகும். ஐப்பசி, கார்த்திகையில் இது பாதியாகிவிடும். கூரை என்பது காற்று அடிக்கும் உயரமான இடம், தண்ணீரும் ஆழமில்லாதது, அடியில் கான்கிரீட்டின் சூடும் உண்டு. எனவே 8 என்றே வைத்துக்கொள்வோம். வரப்பிலும், மின்குழாய்ப் பெட்டிகளைச் சுற்றியும், ஓரங்களிலும் கசிவது இன்னொரு 2. ஆக மொத்தம் 10 மில்லிமீட்டர்.

10 சதுரம் × 9.3 × 10 = ஒரு நாளைக்கு 930 லிட்டர். 14 நாளுக்கு 13,020.

முதல் நாள் நிரப்பிய தண்ணீரை இதன் மேல் கூட்ட வேண்டாமா என்று கேட்பார்கள். முழுதாகக் கூட்டக் கூடாது. அந்த நிரப்பலும் இந்தப் பதினான்கு நாளுக்குள் ஆவியாகப்போகும் தண்ணீர்தான். கடைசி நாள் முடிவில் பாத்தியில் எவ்வளவு மிச்சம் நிற்கிறதோ அதை மட்டும் கூட்டுங்கள். 15 மில்லிமீட்டர் நின்றால் சுமார் 1,400 லிட்டர். அதையும் வீணாக்காமல் வாளியில் மொண்டு கைப்பிடிச் சுவரை நனைக்கலாம்.

எங்கள் ஊரில் ஒரு நாளில் எத்தனை மில்லிமீட்டர் குறைகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

அளந்துவிடுங்கள், ஒரு நாள் வேலைதான். பாத்தியில் ஓரிடத்தில் பள்ளிப் பிள்ளைகளின் ஸ்கேல் ஒன்றை நிமிர்த்தி வைத்து, காலை ஏழு மணிக்கு நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே பாத்திக்குள், கசிவில்லாத அகலமான பேசின் ஒன்றில் பக்கத்துத் தண்ணீரின் மட்டத்துக்கே தண்ணீர் ஊற்றி வையுங்கள். அன்று முழுவதும் இரண்டிலும் எதையும் ஊற்றாமல், மறுநாள் ஏழு மணிக்கு இரண்டையும் அளங்கள்.

பேசினில் குறைந்தது ஆவியானது. பாத்தியில் அதைவிடக் கூடுதலாகக் குறைந்தது கசிந்தது. பேசினில் 8, பாத்தியில் 10 என்றால் வரப்பு நன்றாக இருக்கிறது. பேசினில் 8, பாத்தியில் 20 என்றால் தண்ணீருக்குச் சொல்லி அனுப்புவதற்கு முன் கொத்தனாரைக் கூப்பிட்டு வரப்பைச் சரிசெய்யச் சொல்லுங்கள். 20 மில்லிமீட்டர் குறையும் பாத்திக்கு 14 நாளில் 26,000 லிட்டர் வேண்டும். அதில் பாதிக்கு மேல் கசிந்தே போகும். தளத்தின் அடிப்பக்கம் சென்ட்ரிங் பலகை இடுக்கில் எங்கே சொட்டுகிறது என்று பார்த்தாலே பெரும்பாலும் இடம் தெரிந்துவிடும்.

'சேதாரம் 50 சதவீதம்' என்று கண்ணை மூடிக்கொண்டு சேர்ப்பவர்கள் இந்த ஓர் அளவை எடுத்தால் அந்த வரியை அடித்துவிடலாம். கசிவு ஏற்கெனவே கணக்கில் வந்துவிட்டது. அதை மறுபடி கூட்டுவது இரட்டிப்பு.

இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்க வேண்டும் என்பது கட்டாயமா?

கட்டாயம் இல்லை. தளத்தின் எந்தப் புள்ளியும் எந்த நேரத்திலும் காயக் கூடாது, அவ்வளவுதான். நீரின் மட்டம் நேராக நிற்கும்; தளம் அப்படி இருக்காது. கைத்தேர்ந்த கொத்தனார் இழைத்த தளத்திலும் பத்தடிக்குள் 10 மில்லிமீட்டர் ஏற்ற இறக்கம் இருப்பது சாதாரணம். சராசரி 25 மில்லிமீட்டர் நின்றால் மேட்டின் மேலும் 15 முதல் 20 வரை தண்ணீர் இருக்கும். ஒரு நாள் வெயிலுக்கு அது தாங்கும்.

இங்கேதான் வரப்பின் இடைவெளி முக்கியமாகிறது. செலவை மிச்சப்படுத்துகிறேன் என்று முழுத் தளத்தையும் சுற்றி ஒரே வரப்புப் போட்டு, நடுவில் ஒன்றும் கட்டாமல் விட்டுவிடுவார்கள். மழைநீர் வடிவதற்காகத் தளத்துக்கு 100-க்கு 1 வாட்டம் கொடுத்திருந்தால், முப்பது அடியில் சரிவு மட்டும் 90 மில்லிமீட்டர். மேட்டுப் பக்கம் நனைய வேண்டுமென்றால் பள்ளப் பக்கம் நான்கு அங்குலத் தண்ணீர் நிற்க வேண்டும். வரப்பைத் தாண்டி வழியும். சாந்து வரப்பு உடையும். தண்ணீர் போதவில்லை என்ற புகாரும் வரும். வாட்டம் உள்ள தளத்தில் ஐந்தடிக்கு ஐந்தடி பாத்தி போட்டால் ஒவ்வொன்றிலும் சரிவு 15 மில்லிமீட்டர்தான். ஒரு மணி நேரக் கூடுதல் வேலை, அவ்வளவே.

7 நாள் என்கிறார்கள், 10 என்கிறார்கள், 14 என்கிறார்கள். எதைப் பெருக்குவது?

ஐ.எஸ். 456:2000 விதியின்படி சாதாரண போர்ட்லேண்ட் சிமென்டுக்குக் குறைந்தது 7 நாள். சாம்பல் கலந்த பி.பி.சி. போன்ற கலப்புச் சிமென்டுகளுக்குக் குறைந்தது 10 நாள், 14 நாள் வரை நீட்டிப்பது நல்லது. வெயிலும் வறட்சியும் மிகுந்த இடத்தில் எந்தச் சிமென்டானாலும் 10 நாளுக்குக் குறையக் கூடாது. மூட்டையின் மேல் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். வீட்டு வேலைக்கு வாங்குவது பெரும்பாலும் பி.பி.சி.தான். அதனால்தான் இங்கே 14 எடுத்திருக்கிறேன். தண்ணீர் கிடைக்காத இடத்தில் நாளைக் குறைப்பதைவிட, அடுத்த கேள்வியில் சொல்லும் வழியில் தினசரி அளவைக் குறைப்பது மேல்.

பாத்திக்குப் பதில் கோணிச் சாக்கு விரித்தால் எவ்வளவு மிச்சமாகும்?

நினைப்பதைவிடக் குறைவு. ஈரச் சாக்கும் வெயிலில் திறந்துதான் கிடக்கிறது. முழுதாக நனைந்த நிலையில் அதிலிருந்து ஆவியாவதும் தண்ணீர்ப் பரப்பிலிருந்து ஆவியாவதும் ஏறத்தாழ ஒன்றுதான். கசிவு இல்லாதது மட்டும் லாபம். வெறும் சாக்கு விரித்துவிட்டு 'பாதித் தண்ணீர் போதும்' என்று எழுதுபவர்கள் தளத்தை நண்பகலில் காயவிடப்போகிறார்கள் என்றே பொருள்.

உண்மையான மிச்சம், ஈரச் சாக்கின் மேல் பாலித்தீன் விரிப்பைப் போர்த்தும்போது வருகிறது. அடியிலிருந்து எழும் ஆவி விரிப்பின் உட்புறத்தில் துளித்துளியாகக் கோத்து மறுபடி சாக்கிலேயே விழும். ஒரு சதுரத்துக்கு நாளொன்றுக்கு 10 முதல் 20 லிட்டர் தெளித்தால் போதும். பத்துச் சதுரத்துக்கு 200 லிட்டர் என்றே வைத்தாலும் 14 நாளுக்கு 2,800 லிட்டர்தான். நிபந்தனை ஒன்று உண்டு: ஓரங்களில் காற்று புகாமல் மணல் போட்டு அழுத்த வேண்டும். அங்கங்கே நாலு செங்கல்லை வைத்தால் இடையில் காற்று புகுந்து விரிப்பு படபடக்கும், சாக்கு காயும். கறுப்பு விரிப்பு வெயிலில் கொதிக்கும், வெள்ளை நல்லது.

செங்கல் சுவருக்கு எவ்வளவு? அதில் தண்ணீர் நிற்காதே.

நிற்காது என்பதால்தான் சுவரில் கணக்கு இன்னும் அதிகமாக ஊதிப்போகிறது. சுவரில் ஊற்றும் தண்ணீரில், செங்கலும் சாந்தும் உறிஞ்சியது போக மற்றது தரையில் வழிந்துவிடும். வழியத் தொடங்கும் நேரமே நிறுத்த வேண்டிய நேரம். நன்றாக ஊறப்போட்டுக் கட்டிய செங்கல் சுவரில், ஒரு நனைப்புக்குச் சதுரத்துக்கு ஏறக்குறைய 10 லிட்டர் பிடிக்கும். கோடையில் ஒரு நாளைக்கு மூன்று முறை நனைத்தால் 30 லிட்டர். உங்கள் சுவரில் சரிபார்க்க, வாளியில் 10 லிட்டர் தண்ணீரை அளந்து எடுத்து, பத்தடிக்குப் பத்தடிச் சுவரில் தெளித்துப் பாருங்கள். ஊறப்போடாத செங்கல் என்றால் முதல் நாள் கூடுதலாக இழுக்கும். அந்தத் தண்ணீரைச் சாந்திலிருந்தும் இழுத்திருக்கும் என்பதுதான் கவலைக்குரியது.

அதே வீட்டின் சுவர்களை எடுத்துக்கொள்வோம். சுவரின் மொத்த நீளம் 200 அடி, உயரம் 10 அடி. கதவு, சன்னல்களுக்கு 300 சதுர அடி கழித்தால் ஒரு பக்கம் 1,700 சதுர அடி, இரு பக்கமும் சேர்ந்து 34 சதுரம். சுவருக்குக் க்யூரிங் 7 நாள்.

34 × 30 × 7 = 7,140 லிட்டர்.

இப்போது பலர் போடும் கணக்கைப் பாருங்கள். சுவர் வேலை முடிய 25 நாள் ஆகிறது, தினமும் தண்ணீர் விடுகிறோம், ஆகவே 34 × 30 × 25 = 25,500 லிட்டர். முதல் நாள் காலையிலேயே வீடு முழுவதும் சுவர் எழுந்து நிற்பதாக இந்தக் கணக்கு நினைத்துக்கொள்கிறது. கொத்தனார் ஒரு நாளில் மூன்று, நான்கு அடி உயரத்துக்கு மேல் எழுப்புவதில்லை. அதுவும் ஒரு பகுதியில்தான். இன்று கட்டியதற்கு இன்றிலிருந்து ஏழு நாள், பத்தாம் நாள் கட்டியதற்கு அன்றிலிருந்து ஏழு நாள். எந்த ஒரு நாளிலும் நனைக்க வேண்டியது கடைசி ஏழு நாளில் எழுந்த சுவரை மட்டுமே. 34 சதுரத்தை 25 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 1.36, ஏழு நாளுக்கு ஒன்பதரைச் சதுரம். ஒரு நாள் தேவை 285 லிட்டர். இரண்டு பேரல் கூட இல்லை.

நடைமுறையில் இதைப் பின்பற்ற எளிய வழி, அன்றைய கட்டுமானத்தின் மேல் சாக்பீஸால் தேதியை எழுதிவிடுவது. தண்ணீர் விடுபவர் தேதியைப் பார்த்து எட்டாம் நாள் அந்தப் பகுதியை விட்டுவிடலாம். பூச்சு வேலை முடிந்த பிறகு அதற்குத் தனியாக இன்னொரு ஏழு நாள் உண்டு. அதையும் இதே முறையில் போடுங்கள்.

நாங்கள் மோட்டார் போட்டு ஹோஸ் பிடித்துத்தான் சுவருக்கு அடிக்கிறோம். அதில் அளவு எப்படித் தெரியும்?

வாளியை நிரப்பிக் கடிகாரத்தைப் பாருங்கள். 15 லிட்டர் வாளி 45 நொடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 20 லிட்டர். காலை அரை மணி, மாலை அரை மணி என்று பிடித்தால் ஒரு நாளைக்கு 1,200 லிட்டர். மேலே சொன்ன 285 லிட்டர் தேவைக்கு இது நான்கு மடங்கு. அதே ஹோஸில் 5 நிமிடம் வீதம் மூன்று முறை பிடித்தால் 300 லிட்டர், தேவை முடிந்துவிட்டது.

ஒரே மூச்சில் வெள்ளமாக அடிப்பதைவிடக் கொஞ்சம் கொஞ்சமாக மூன்று முறை நனைப்பது சுவருக்கும் நல்லது. காலையில் குளிப்பாட்டிவிட்டு மாலை வரை காயவிட்ட சுவரில் இணைப்புச் சாந்து நண்பகலிலேயே வெளுத்துவிடும். கட்டி ஒரு நாள் ஆகாத சுவரில் ஹோஸின் முனையை விரலால் அழுத்திப் பீய்ச்சினால் சாந்து கரைந்து வழியும். அதற்குப் பூவாளி போதும்.

சாலிட் பிளாக், ஏ.ஏ.சி. பிளாக் சுவருக்கும் இதே கணக்கா?

இல்லை, குறைவு. கான்கிரீட் பிளாக்கைச் செங்கலைப்போல் தொட்டியில் ஊறப்போடக் கூடாது. நனைந்து உப்பிய பிளாக் பின்னால் காய்ந்து சுருங்கும்போது இணைப்புகளில் விரிசல் விடும். மிகவும் வறண்ட நாளில் சாந்து படும் பக்கங்களில் லேசாக ஈரம் தொட்டால் போதும். கட்டிய பிறகு சாந்து காயாத அளவுக்குத் தெளிப்பு மட்டும். ஏ.ஏ.சி. பிளாக்கைப் பசைச் சாந்தால் ஒட்டிக் கட்டினால் சுவருக்கு க்யூரிங்கே தேவையில்லை. செங்கலுக்கான எண்ணை அப்படியே எடுத்து இங்கே போடுவதும் கணக்கு ஊதிப்போவதற்கு ஒரு காரணம்.

இப்படிக் குறைத்துக் கணக்கிட்டு, தளம் காய்ந்துபோனால்? எப்படிக் கண்டுபிடிப்பது?

காலையில் போய்ப் பார்க்காதீர்கள். காலையில் எல்லாத் தளமும் ஈரமாகத்தான் இருக்கும். பிற்பகல் மூன்று மணிக்கு மாடி ஏறுங்கள். பாத்திக்குள் தீவுபோல் வெளிர்சாம்பல் நிறத்தில் ஏதாவது மேடு தலைகாட்டினால் அந்தப் பாத்தியில் மட்டம் போதவில்லை. முழுத் தளத்துக்கும் தண்ணீரை ஏற்றத் தேவையில்லை. அந்த மேட்டின் மேல் மட்டும் ஈரச் சாக்கைப் போடுங்கள். அதன் ஓரங்கள் பக்கத்துத் தண்ணீரில் தோய்ந்திருந்தால் அதுவே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பலமுறை காய்ந்த இடம் பிறகு காட்டிக்கொடுக்கும்: கையால் தேய்த்தால் மாவு ஒட்டும், மேலே மெல்லிய வலைபோன்ற கீறல்கள் தெரியும். சுவரில், இணைப்புச் சாந்தை ஏழாம் நாள் ஓர் ஆணியால் கீறிப் பாருங்கள். கோடு மட்டும் விழுந்தால் நல்லது. மணலாக உதிர்ந்தால் தண்ணீர் போதவில்லை, அல்லது கலவையில் சிமென்ட் போதவில்லை.

இன்னொன்று: தளம் போட்ட அன்றே பாத்தி கட்ட முடியாது. மறுநாள் காலை வரையான இடைவெளியில்தான் சுருக்க விரிசல்கள் அதிகம் பிறக்கின்றன. மேற்பரப்பு இழைத்து முடித்து, தொட்டால் ஒட்டாத நிலை வந்தவுடன் பாலித்தீன் விரிப்போ ஈரச் சாக்கோ போட்டுவிடுங்கள். இதற்குச் செலவாகும் தண்ணீர் கணக்கில் சேர்க்கும் அளவுக்கு இல்லை.

மொத்தம் 14,000 லிட்டர் என்றால் ஒரே நாளில் ஒரு 12,000 லிட்டர் லாரி வரச் சொல்லிவிடலாமா?

எங்கே இறக்குவீர்கள்? முதல் நாள் நிரப்புவதற்கு 25 மில்லிமீட்டர், அதாவது சுமார் 2,300 லிட்டர் போகும். அதன்பின் நாளுக்கு 930 தான். 6,000 லிட்டர் பிடிக்கும் சம்ப் இருந்தால், முதல் நாள் ஒரு 6,000 லிட்டர் லாரி, நான்காம் நாள் வாக்கில் அடுத்தது, பத்தாம் நாள் வாக்கில் தேவைப்பட்டால் மூன்றாவது என்று பிரித்துச் சொல்லுங்கள். தொட்டி இல்லாத இடத்தில் பெரிய லாரியை வரவழைத்தால் மிச்சத்தைத் தளத்திலேயே ஏற்றிவிடுவார்கள். அது வரப்பைத் தாண்டித் தெருவுக்குப் போகும். இடையில் ஒரு நல்ல மழை பெய்தால் 20 மில்லிமீட்டர் என்பது இரண்டு நாள் தண்ணீர். அடுத்த லாரியைத் தள்ளிப்போடலாம்.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. க்யூரிங்குக்கு மட்டும் பயன்படுத்தலாமா? அதற்குத்தான் கட்டணம் இல்லையே, அளவு பார்க்க வேண்டுமா?

கலக்க ஆகாத தண்ணீர் க்யூரிங்குக்கும் ஆகாது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது விதி. பாத்தியில் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. லிட்டருக்கு 2 கிராம் உப்பு கரைந்த போர் தண்ணீரை 8 மில்லிமீட்டர் வீதம் 14 நாள் ஆவியாக விட்டால், அந்தப் பத்துச் சதுரத்தில் சுமார் 20 கிலோ உப்பைக் கொண்டுபோய்க் கொட்டியதாக ஆகும். சுவரிலும் அப்படித்தான்: ஊற்ற ஊற்ற உப்புப் பூக்கும், பூச்சு உரியும். வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால், நல்ல தண்ணீரை விலைக்கு வாங்கி, சாக்கும் பாலித்தீன் விரிப்புமாக அந்த 2,800 லிட்டர் வழியில் தளத்தை முடித்துவிடுங்கள். ஒரு சிறிய லாரியின் பாதிதான் செலவாகும்.